எழுதும் முன் யாருக்கென்று முடிவு செய்யுங்கள்

“தொழிலதிபர்களே! உங்கள் வியாபாரத்தை டிஜிட்டலுக்கு மாற்றுங்கள். பில்லிங், ஸ்டாக், ஜிஎஸ்டி எல்லாம் ஒரே சாஃப்ட்வேரில். இன்றே அழையுங்கள்!”

சிறு தொழில் நடத்தும் யாருடைய வாட்ஸ்அப்பைத் திறந்தாலும் இப்படி நாலைந்து செய்திகள் கிடக்கும். மளிகைக் கடைக்காரருக்கும் இதுதான் வருகிறது, லேத் பட்டறைக்காரருக்கும் இதுதான் வருகிறது. இருவருமே படிப்பதில்லை. அனுப்பியவரோ வாசகம் சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்து, தலைப்பை மாற்றுகிறார், தள்ளுபடி சேர்க்கிறார், படம் போடுகிறார். பெரும்பாலும் கோளாறு வாசகத்தில் இருப்பதில்லை. யாருக்கு எழுதுகிறோம் என்று முடிவு செய்யாமல் எழுத உட்கார்ந்ததில் இருக்கிறது.

விற்பனைத் துறையில் இந்த முடிவை ‘ஐடியல் கஸ்டமர் புரொஃபைல்’ என்கிறார்கள். நம் பொருளால் அதிகப் பயன் அடைந்து, அதற்குக் காசும் கொடுத்து, விட்டுப் போகாமல் இருக்கக்கூடிய நிறுவனம் எப்படிப்பட்டது என்று அரைப் பக்கத்தில் எழுதிவைப்பதுதான் அது. கேட்க எளிது. எழுதும்போதுதான் தெரியும், நம் வாடிக்கையாளரைப் பற்றி நமக்கு எவ்வளவு குறைவாகத் தெரிந்திருக்கிறது என்று. திருப்பூரில் நடக்கக்கூடிய ஒரு கற்பனை உதாரணத்தை எடுத்துக்கொண்டு இதை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்.

திருப்பூரில் ஒரு சின்ன சாஃப்ட்வேர்

இரண்டு பேர் சேர்ந்து பனியன் கம்பெனிகளுக்கு ஒரு சாஃப்ட்வேர் செய்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வெளியே ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்த நூலும் துணியும் எங்கே, எவ்வளவு, எத்தனை நாளாக நிற்கிறது என்று காட்டுவதுதான் அதன் வேலை. மாதக் கட்டணம் 3,000 ரூபாய்.

திருப்பூரில் ஒரு டி-ஷர்ட் ஒரே கூரைக்குள் உருவாவது அபூர்வம். நூல் நிட்டிங்குக்குப் போகிறது. அங்கிருந்து வரும் கோரா துணி டையிங்குக்குப் போகிறது. சாயம் ஏறிய துணி காம்பாக்டிங் முடிந்து கட்டிங்குக்கு வருகிறது. பிறகு பிரிண்டிங், எம்பிராய்டரி, தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். பல கம்பெனிகள் இவற்றில் இரண்டு மூன்றை மட்டும் சொந்தமாக வைத்துக்கொண்டு மற்றதை வெளியே கொடுக்கின்றன. ஒவ்வொரு முறை சரக்கு வாசலைத் தாண்டும்போதும் ஒரு டெலிவரி செலான் போட வேண்டும். ஊர் வழக்கில் ‘டிசி’. எடையில் போன துணி எடை குறைந்து திரும்பும். கட்டிங் ஆன பிறகு அது பீஸ் கணக்காக மாறிவிடும். இந்தக் கணக்கு நோட்டில் இருக்கும்வரை, எது எங்கே நிற்கிறது என்று ஒருவருக்கும் நிச்சயமாகத் தெரியாது.

ஆக, பிரச்சினை உண்மையானது, பொருளும் அதற்கு ஏற்றது. இருவரும் பனியன் கம்பெனிகளின் எண்கள் கொண்ட ஒரு பெரிய பட்டியலை வாங்கி எல்லோருக்கும் செய்தி அனுப்பலாம். அதற்கு முன் அவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எல்லோரும் சரி என்று சொல்லிவிட்டால் என்ன செய்வீர்கள்?

ஒரு கம்பெனியில் இந்த சாஃப்ட்வேரை ஓட வைக்க, அங்கே போய் உட்கார்ந்து சைஸ், கலர், ஜாப் ஒர்க்காரர் பெயர் எல்லாம் ஏற்றி, ஒருவருக்குப் பழக்கிக் கொடுக்க ஒரு வாரம் ஆகும். இருவரில் ஒருவர் பழைய வாடிக்கையாளர்களின் போனை எடுக்க வேண்டும். மிச்சமிருக்கும் ஒருவரால் மாதத்துக்கு மூன்று நான்கு கம்பெனிகளுக்கு மேல் முடியாது. வருடத்துக்கு 40 என்று வைத்துக்கொள்ளலாம். அவர்களுக்குத் தேவை ஆயிரக்கணக்கான முகவரிகள் கிடையாது, பொருத்தமான 40 கம்பெனிகள். பொருந்தாத ஒரு கம்பெனி உள்ளே வந்தால், பொருத்தமான ஒன்றுக்குச் சேர வேண்டிய ஒரு வாரம் அங்கே கரைந்துவிடும். சிறிய விற்பனையாளர் வட்டத்தைச் சுருக்குவது அடக்கத்தால் அல்ல, இந்தக் கணக்கால்தான்.

இருக்கிறவர்களிடம் தொடங்குங்கள்

வரையறை எழுதும்போது பலரும் மனதில் இருக்கும் கனவு வாடிக்கையாளரை எழுதிவிடுகிறார்கள். திருப்பூர் என்றதும் பெரிய எக்ஸ்போர்ட்டர்கள் நினைவுக்கு வருவார்கள். அவர்களிடம் பணம் இருக்கிறது, சரக்கு நடமாட்டம் இருக்கிறது. ஆனால் பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் ஈஆர்பி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துக்கொள்ள ஐடி ஆட்கள் இருப்பார்கள். இரண்டு பேர் கொண்ட நிறுவனத்தை நம்பி அதை மாற்ற அவர்களுக்குக் காரணமே இல்லை.

கனவை ஒதுக்கிவிட்டு, ஏற்கெனவே வாங்கியவர்களின் பட்டியலை எடுங்கள். நம் உதாரணத்தில் 12 பேர் வாங்கியிருக்கிறார்கள் என்று கொள்வோம். அதை மூன்றாகப் பிரிக்க வேண்டும். ஐந்து பேர் தினமும் பயன்படுத்துகிறார்கள், கட்டணம் தானாக வருகிறது. மூன்று பேர் கட்டணம் கட்டுகிறார்கள், ஆனால் இரண்டு மாதமாக ஒரு டிசிகூட ஏற்றவில்லை. நான்கு பேர் நிறுத்திவிட்டார்கள்.

முதல் ஐந்து பேருக்கும் பொதுவானது என்ன? எளிதாகக் கண்ணில் படுவது கம்பெனியின் அளவு. ஐந்துமே ஆண்டுக்கு 5 கோடியிலிருந்து 25 கோடி வரை வியாபாரம் செய்பவை. உள்நாட்டுச் சந்தைக்கு உற்பத்தி செய்பவை. டையிங்கும் தையலும் வெளியே கொடுப்பவை. ‘இதுதான் வரையறை’ என்று இங்கேயே நிறுத்திவிடத் தோன்றும். நிறுத்தக் கூடாது. விட்டுப்போனவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் எந்தக் குணம் உண்மையில் வேலை செய்கிறது என்று தெரியும்.

ஒப்பிட்டால், விட்டுப்போன நான்கில் இரண்டு கம்பெனிகளும் இதே அளவுதான், உள்நாட்டு உற்பத்திதான், வெளியே டையிங்தான். பிறகு ஏன் நிறுத்தினார்கள்? நேரில் போய்க் கேட்டால் விஷயம் வெளியே வருகிறது. அங்கே டிசி போடுவதற்கென்று தனி ஆள் இல்லை. முதலாளி ஊரில் இருந்தால் அவர் எழுதுவார், இல்லையென்றால் கட்டிங் மாஸ்டர் எழுதுவார், அவசரத்துக்கு டெம்போ டிரைவரிடம் துண்டுச் சீட்டுக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். சாஃப்ட்வேரில் ஏற்ற வேண்டியது யார் என்று முடிவாகாததால் பாதி டிசி ஏறியது, பாதி ஏறவில்லை. பாதி ஏறிய கணக்கு நோட்டைவிட மோசம். நன்றாகப் பயன்படுத்தும் ஐந்து கம்பெனிகளிலும் ஸ்டோரில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். வாசலைத் தாண்டும் எந்த மூட்டையும் அவர் கையைத் தாண்டித்தான் போகும்.

வரையறையின் உயிர் இந்த ஒரு வரிதான். வியாபார அளவும் தொழில் வகையும் வட்டத்தைச் சுருக்க உதவும். பொருள் அங்கே பிழைக்குமா என்பதைப் பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒரு நடைமுறைக் குணம்தான் முடிவு செய்யும். அதை அலுவலகத்தில் உட்கார்ந்து ஊகிக்க முடியாது. வாங்கி நிலைத்தவர், வாங்கி விட்டவர் இருவரிடமும் பேசினால் மட்டுமே கிடைக்கும். கேட்க வேண்டிய கேள்விகளும் எளிமையானவை. எந்த வேலை நின்றுபோனதால் இதைத் தேடினீர்கள்? அதற்கு முன் எப்படிச் சமாளித்தீர்கள்? யார் இதைத் தினமும் தொடுகிறார்கள்? நாளைக்கு இது இல்லையென்றால் என்ன செய்வீர்கள்?

வாடிக்கையாளரே இன்னும் இல்லாத புதிய நிறுவனம் என்ன செய்வது? விற்கும் எண்ணத்தை ஒதுக்கிவைத்துவிட்டு பத்துப் பன்னிரண்டு கம்பெனிகளில் ஒரு டிசி வாசலிலிருந்து கணக்குப் புத்தகம்வரை எப்படிப் போகிறது என்று கூட இருந்து பார்க்க வேண்டும். அப்படிக் கிடைக்கும் வரையறை ஒரு ஊகம்தான். ஊகம் என்று தெரிந்து வைத்திருந்தால் அதனால் கெடுதல் இல்லை.

எப்போது வலிக்கிறது?

பொருத்தமான கம்பெனிக்கும் எல்லா நாளும் ஒரே அளவு வலி இருக்காது. நோட்டுக் கணக்கோடு பத்து வருடம் ஓட்டியவர் இன்று ஏன் மாற வேண்டும்? ஏதோ ஒன்று அண்மையில் மாறியிருக்க வேண்டும். அந்த மாற்றத்தையும் வரையறையில் எழுத வேண்டும்.

ஜாப் ஒர்க் விஷயத்தில் சட்டமே ஒரு காலக்கெடுவை வைத்திருக்கிறது. ஜிஎஸ்டி சட்டப்படி, ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்பி வர வேண்டும், அல்லது அங்கிருந்தே விற்பனைக்குப் போயிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கொண்டு வரி கேட்பார்கள். எது போனது, எது வந்தது என்பதை ஐடிசி-04 என்ற படிவத்தில் தாக்கல் செய்ய வேண்டும். முந்தைய நிதியாண்டில் 5 கோடி ரூபாய்க்கு மேல் வியாபாரம் செய்தவர்கள் இதை ஆண்டுக்கு இருமுறை தாக்கல் செய்கிறார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைக்கு அக்டோபர் 25, அக்டோபர் முதல் மார்ச் வரைக்கு ஏப்ரல் 25. மற்றவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை, ஏப்ரல் 25.

இதில் கவனிக்க வேண்டியது, இந்தப் படிவத்தைத் தாக்கல் செய்யும் பொறுப்பு யாருடையது என்பது. சரக்கை அனுப்பிய கம்பெனியுடையது. வாங்கித் தைத்துக் கொடுப்பவருடையது இல்லை. ஆகவே பவர் டேபிள் போட்டுத் தையல் மட்டும் செய்யும் யூனிட்டுகளும், டையிங் மட்டும் செய்பவர்களும் இந்தப் பட்டியலிலிருந்து நேராக வெளியே போய்விடுகிறார்கள். அவர்களும் பனியன் தொழில்தான், அவர்களும் டிசி பார்ப்பவர்கள்தான். ஆனால் வலி அவர்கள் பக்கம் இல்லை. காதர்பேட்டையில் தைத்து முடித்த சரக்கை வாங்கி விற்கும் வியாபாரிகளும் அப்படித்தான். ஒரே சட்ட விவரம் பட்டியலில் பெரும்பகுதியைக் கழித்துக்கொடுத்துவிடுகிறது.

வெளியிலிருந்து தெரிய வேண்டும்

இங்கேதான் பல வரையறைகள் சறுக்குகின்றன. ‘வளர்ச்சியில் ஆர்வமுள்ள, தொழில்நுட்பத்தை வரவேற்கும் முதலாளி’ என்று எழுதிவைப்பார்கள். அந்த முதலாளி நெற்றியில் அப்படி எழுதி ஒட்டியிருக்காது. வரையறையில் உள்ள ஒவ்வொரு குணத்துக்கும், உள்ளே போகாமலே பார்க்கக்கூடிய ஒரு அடையாளம் வேண்டும். அடையாளம் இல்லாத குணம் பட்டியல் தயாரிக்க உதவாது.

இந்தியாவில் சிறு தொழில்களுக்கு எழுதுபவருக்கு ஜிஎஸ்டி எண் ஒரு நல்ல தொடக்கம். பில்லிலும் பெயர்ப் பலகையிலும் இருக்கும் அந்தப் 15 எழுத்து எண்ணில் முதல் இரண்டு மாநிலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். அதன் நான்காவது எழுத்து, அதாவது முழு எண்ணில் ஆறாவது, நிறுவனத்தின் வகையைச் சொல்லும். `P` என்றால் தனிநபர், `F` என்றால் பார்ட்னர்ஷிப் அல்லது எல்எல்பி, `C` என்றால் கம்பெனி. ஜிஎஸ்டி தளத்தில் அந்த எண்ணைப் போட்டுத் தேடினால் எப்போது பதிவு செய்தார்கள், முகவரி என்ன, உற்பத்தியாளரா வியாபாரியா என்ன பதிந்திருக்கிறார்கள், ரிட்டர்ன்களைத் தாக்கல் செய்கிறார்களா என்பதெல்லாம் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

வியாபார அளவு? அதற்கும் ஒரு வழி உண்டு. 2023 ஆகஸ்ட் 1 முதல், 2017-18 தொடங்கி ஏதாவது ஓர் ஆண்டில் 5 கோடியைத் தாண்டியவர்கள் மற்ற வியாபாரிகளுக்கு இ-இன்வாய்ஸ் போட வேண்டும். ஒரு ஜிஎஸ்டி எண் இ-இன்வாய்ஸுக்குத் திறக்கப்பட்டிருக்கிறதா என்பதை அரசின் இ-இன்வாய்ஸ் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். திறக்கப்பட்டிருந்தால் 5 கோடியை ஒருமுறையாவது தொட்டவர் என்று கொள்ளலாம். இது நிச்சயமான ஆதாரம் ஆகாது. ஒரு காலத்தில் 6 கோடி செய்து இப்போது 2 கோடிக்கு இறங்கியவரும் அதே பட்டியலில்தான் இருப்பார். மேல் வரம்பு இதில் தெரியவே தெரியாது. சல்லடையின் முதல் சுற்றுக்கு இது போதும்.

டிசி போட ஆள் இருக்கிறதா என்பது எந்தத் தளத்திலும் இருக்காது. அதற்குத் தெருவில் இறங்க வேண்டும். ‘ஸ்டோர் அசிஸ்டென்ட் தேவை’, ‘புரொடக்‌ஷன் இன்சார்ஜ் தேவை’ என்று கேட்டில் தொங்கும் அட்டையும், வேலை வாய்ப்புக் குழுக்களில் வரும் விளம்பரமும் நல்ல அடையாளங்கள். அந்த வேலைக்குச் சம்பளம் கொடுக்கத் தயாரான கம்பெனி அது. காலையில் வாசலில் துணி உருளைகளோடு நிற்கும் டெம்போக்கள் இன்னொரு அடையாளம். எல்லாவற்றையும்விட எளிதானது ஒரு போன்: “சார், டையிங்குக்கு அனுப்புற துணிக்கு டிசி யாரு போடுறாங்க?” என்று கேட்டால், “ஸ்டோர்ல இருக்காரு, குடுக்கட்டுமா?” என்று வருகிறதா, “நான்தான்பா, என்ன வேணும்?” என்று வருகிறதா என்பதிலேயே பதில் இருக்கிறது.

அரைப் பக்கம்

இதையெல்லாம் சேர்த்தால் அந்த இருவரின் மேசையில் இருக்க வேண்டிய குறிப்பு இப்படி இருக்கும்:

> யார்: திருப்பூரிலும் சுற்றுப்பகுதியிலும் உள்நாட்டுச் சந்தைக்கு உற்பத்தி செய்யும் பனியன் கம்பெனி. 5 முதல் 25 கோடி வரை வியாபாரம். கட்டிங் சொந்தமாக, டையிங்கும் தையலும் வெளியே.
>
> கட்டாயம் இருக்க வேண்டியது: டிசி போடுவதற்கென்று ஓர் ஆள்.
>
> ஏன் இப்போது: அண்மையில் 5 கோடியைத் தாண்டி ஐடிசி-04 அரையாண்டுக் கணக்குக்கு வந்தவர்கள், புதிய டையிங் யூனிட்டுக்கு மாறியவர்கள், ஸ்டோருக்கு ஆள் தேடுபவர்கள்.
>
> யார் முடிவு செய்வார்: முதலாளி. யார் தடுப்பார்: கணக்காளர், ‘டேலியிலேயே பண்ணிக்கலாம்’ என்று சொல்லி.
>
> எழுத வேண்டாம்: ஜாப் ஒர்க் மட்டும் செய்யும் யூனிட், சரக்கு வாங்கி விற்பவர், ஈஆர்பி உள்ள எக்ஸ்போர்ட்டர், முதலாளியே டிசி எழுதும் கம்பெனி.

கடைசி வரியை எழுதத்தான் பலருக்கு மனம் வராது. வாய்ப்பை நாமே மூடுவதுபோல் தோன்றும். ஆனால் அந்த வரி இல்லாத குறிப்பு பயன்படாது. யாரையும் விலக்காத வரையறை ஊருக்கே பொருந்தும்.

நான்காவது வரியில் உள்ள கணக்காளர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. டேலியில் ஜாப் ஒர்க் கணக்கு வைக்கும் வசதி உண்டு. அதை ஒழுங்காகப் பயன்படுத்தும் கம்பெனிக்கு இந்த சாஃப்ட்வேர் தேவையில்லை. அவர்களையும் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுவதுதான் நேர்மையும் லாபமும்.

இப்போது எழுதலாம்

குறிப்பு தயாரானதும் கடிதம் ஏறக்குறையத் தானாகவே வந்துவிடுகிறது. தொடக்கத்தில் பார்த்த செய்தியை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்:

> வணக்கம் சார். உங்கள் கம்பெனியிலிருந்து டையிங்குக்குப் போகும் துணியில் எத்தனை கிலோ இன்னும் திரும்பவில்லை என்று உங்கள் ஸ்டோர்காரரால் இப்போதே சொல்ல முடிகிறதா?
>
> அக்டோபர் 25-க்குள் ஐடிசி-04 போட வேண்டும். ஏப்ரலிலிருந்து போன டிசி எல்லாவற்றையும் அப்போது தேடி எடுப்பதற்குப் பதிலாக, அன்றன்றைக்கு ஏற்றிவிட்டால் எந்த யூனிட்டில் எவ்வளவு நிற்கிறது என்று ஒரே பக்கத்தில் பார்க்கலாம். திருப்பூரில் உங்களைப் போல வெளியே டையிங் கொடுக்கும் ஐந்து கம்பெனிகளில் இது ஓடுகிறது.
>
> டிசி நோட்டு ஒன்றோடு அரை மணி நேரம் கொடுத்தால், கடந்த மாதக் கணக்கை ஏற்றிக் காட்டுகிறோம். டேலியிலேயே இதைச் சரியாக வைத்திருந்தால் எங்கள் உதவி உங்களுக்குத் தேவைப்படாது.

இதில் அலங்காரம் ஒன்றும் இல்லை. ‘டிஜிட்டல்’, ‘புரட்சி’, ‘ஆல்-இன்-ஒன்’ எதுவும் இல்லை. படிப்பவருக்கு, இவனுக்கு நம் வேலை தெரியும் என்று தோன்றினால் போதும். அதைத் தோன்ற வைப்பது டையிங், கிலோ, ஸ்டோர்காரர், அக்டோபர் 25 என்ற நான்கு விவரங்கள். நான்கும் மேலே உள்ள குறிப்பிலிருந்து வந்தவை. இதே கடிதத்தை ஒரு மளிகைக் கடைக்கு அனுப்ப முடியாது. அப்படி அனுப்ப முடியாமல் இருப்பதே இதன் தகுதி.

எப்போது அனுப்புவது என்பதும் குறிப்பிலேயே இருக்கிறது. அக்டோபர் 20-ஆம் தேதி அனுப்பினால் கணக்காளர் படிவத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார், புதியதைக் கேட்க ஆள் இருக்காது. ஆகஸ்ட் கடைசியில் அனுப்பினால் யோசிக்க நேரம் இருக்கும். அக்டோபர் 25 கழிந்த அடுத்த வாரமும் நல்ல நேரம், பட்ட பாடு மறந்திருக்காது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் உள்நாட்டு உற்பத்தியாளர் தலை நிமிரமாட்டார், அப்போது விட்டுவிட வேண்டும்.

பதில்களைப் படிக்கும் விதம்

பட்டியல் முழுவதற்கும் ஒரே நாளில் அனுப்பிவிடாதீர்கள். முதலில் 40 பேர் போதும். ஒரு வாரம் கழித்து 40 பேரையும் போனில் கூப்பிட வேண்டும். பதில் எத்தனை வந்தது என்பதைவிட, என்ன பதில் வந்தது என்பது முக்கியம்.

“எங்களுக்கு அந்தப் பிரச்சினையே இல்லையே” என்று பலர் சொன்னால் வரையறை தவறு. கடிதத்தைத் திருத்திப் பயனில்லை. “தொல்லைதான், ஆனா இப்ப வேண்டாம்” என்றால் ஆள் சரி, நேரம் தவறு. அவர்களை மார்ச்சில் மறுபடி கூப்பிடலாம். “எங்க அக்கவுண்டன்ட்டைக் கேளுங்க” என்றால் கம்பெனி சரி, கடிதம் போன ஆள் தவறு. “எவ்வளவு ஆகும்?” என்று கேட்டுவிட்டு அமைதியானால் விலையையோ, பயன் புரிந்ததா என்பதையோ பார்க்க வேண்டும். பதிலே வராத அமைதியிலிருந்து மட்டும் ஒன்றும் தெரியாது. அதனால்தான் போன் அவசியம்.

பட்டியலையும் கடிதத்தையும் ஒரே நேரத்தில் மாற்றும் தவறைப் பலர் செய்கிறார்கள். முதல் 40-க்குப் பதில் சரியில்லை என்றதும் புதிய கடிதம் எழுதி, புதிய தெருவுக்கு அனுப்புவார்கள். பதில் கூடினாலும் எதனால் கூடியது என்று சொல்ல முடியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும்.

இதற்கு நேர் எதிரான தவறு, அளவுக்கு மீறிச் சுருக்குவது. ‘அவிநாசி ரோட்டில், 10 கோடியில், இரண்டாம் தலைமுறை நடத்தும், குழந்தைகள் ஆடை மட்டும் செய்யும்’ என்று நிபந்தனைகளை அடுக்கிக்கொண்டே போனால் மிஞ்சுவது மூன்று கம்பெனி. ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஒரு கேள்வி கேட்கலாம். இதை எடுத்துவிட்டால் கடிதத்தில் ஏதாவது ஒரு வரி மாறுமா? மாறாது என்றால் அந்த நிபந்தனை வெறும் அலங்காரம், நீக்கிவிடலாம். குழந்தைகள் ஆடையா பெரியவர் ஆடையா என்பதால் டையிங் கணக்கு மாறப்போவதில்லை.

ஐந்து வாடிக்கையாளரை வைத்து எழுதிய வரையறைக்கு ஒரு எல்லையும் உண்டு. ஐந்து பேரும் தெரிந்தவர் மூலம் வந்தவர்கள் என்றால், அவர்களின் பொதுக் குணம் பொருளின் பொருத்தத்தைக் காட்டாமல் அந்தத் தெரிந்தவரின் நட்பு வட்டத்தைக் காட்டிக்கொண்டிருக்கலாம். அதனால் புதிதாகப் பத்துப் பேர் சேரும்போதும், இரண்டு பேர் விலகும்போதும் குறிப்பை எடுத்துத் திருத்த வேண்டும். சட்டம் மாறினாலும் அப்படியே. 5 கோடி வரம்பை அரசு நாளை மாற்றினால் ‘ஏன் இப்போது’ என்ற வரி அன்றே பழசாகிவிடும்.

எல்லோருக்கும் அனுப்புவதன் விலை

அனுப்பச் செலவில்லையே, எல்லோருக்கும் போனால் என்ன குறை என்று கேட்கலாம். குறை இருக்கிறது. அறிமுகமில்லாத பல எண்களுக்கு ஒரே செய்தியை அனுப்பி, அவர்கள் பிளாக் செய்தும் புகார் செய்தும் வந்தால் வாட்ஸ்அப் அந்த எண்ணையே முடக்கிவிடும். அந்த எண் கடை வாடிக்கையாளர்கள் எல்லோரிடமும் இருக்கும் எண்ணாக இருந்தால் இழப்பு பெரிது. மின்னஞ்சலிலும் இதே கதைதான். மொத்தமாக அனுப்புபவர்களுக்கு 2024 பிப்ரவரி முதல் கூகுள் வைத்துள்ள விதிகளில், குப்பை என்று புகார் வரும் அளவு 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. ஆயிரத்துக்கு மூன்று பேர். போனிலும் எஸ்எம்எஸ்ஸிலும் விளம்பரம் செய்ய டிராயின் 2018-ஆம் ஆண்டு விதிகள் தனியாக இருக்கின்றன. அவற்றைப் படித்துவிட்டே இறங்க வேண்டும்.

இவற்றைவிடப் பெரிய விலை ஊருக்குள் கொடுக்க வேண்டியிருக்கும். 1991-இல் வெளிவந்த ‘கிராஸிங் தி கேஸம்’ என்ற நூலில் ஜெஃப்ரி மூர், புதிய தொழில்நுட்பம் விற்பவர்கள் முதலில் ஒரே ஒரு சிறிய பிரிவைப் பிடிக்க வேண்டும் என்றார். அந்தப் பிரிவில் இருப்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்பவர்கள், ஒருவர் சொல்லை மற்றவர் நம்புவார் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. திருப்பூருக்கு இது அப்படியே பொருந்தும். ஒரு டையிங் யூனிட்டுக்குப் பல கம்பெனிகளின் துணி வருகிறது. ஒரு கம்பெனி டிசி ஒழுங்காக வருவதை அந்த டையிங்காரர் அடுத்த கம்பெனியிடம் சொல்வார். ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் போட்டுப் பாதியில் கிடக்கிறது என்பதையும் அவர்தான் சொல்வார். பொருந்தாத பத்து இடத்தில் விற்றவருக்குப் பதினோராவது இடத்தில் கதவு திறக்காது.

அடுத்த கடிதத்தைத் தொடங்கும் முன் ஒரு தாளில் இரண்டு பெயர் எழுதுங்கள். உங்களிடம் வாங்கி நிலைத்தவர் ஒருவர், வாங்கி விட்டுப்போனவர் ஒருவர். இருவரையும் இந்த வாரமே பார்த்து, தினமும் அதைத் தொட்டது யார் என்று கேளுங்கள். அந்தப் பதில் கையில் இல்லாமல் எழுத உட்காராதீர்கள்.